உத்தரவு மென்மையானது, மறுப்பு வெளிப்படையானது: அவுஸ்திரேலியப் பணியிடமும் தமிழரின் "ஓம்" என்ற சொல்லும்

தொழில் நிமித்தம் அவுஸ்திரேலியா வந்து சேரும் தமிழர்களுக்கு உறவினரும் நண்பரும் வழங்கும் முதல் அறிவுரைகளுள் ஒன்று, "இங்குள்ளவர்கள் எதையும் நேரடியாகப் பேசுவார்கள், நீங்களும் அப்படியே பேசப் பழகுங்கள்" என்பதாகும். சிட்னியின் ஹோம்புஷ், வெஸ்ட்மீட், ரூங்காபி பகுதிகளிலும் மெல்பேர்ணின் டண்டினோங் பகுதியிலும் புதிதாகக் குடியேறும் இளங் குடும்பங்கள் இதனைக் கேட்டவாறே வேலைக்குச் செல்கின்றன. அறிவுரை நல்லெண்ணத்துடன் சொல்லப்படுவது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது பாதி மட்டுமே உண்மையானது. அந்தப் பாதியை முழுமையென நம்பி நடந்தவர்கள் பலர், தமது திறமைக்குச் சற்றும் தொடர்பில்லாத காரணத்தால் பணியிடத்தில் பின்தள்ளப்பட்டிருக்கின்றனர்.

2021ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, அவுஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 90,000 பேருக்கும் அதிகமானோர். இவர்களுள் பெரும் பகுதியினர் கணினி, கணக்கியல், பொறியியல், மருத்துவம் போன்ற துறைகளின் வழியாக வந்தவர்கள். குடிவரவுக்கென நடத்தப்படும் ஆங்கிலத் தேர்வில் தேவையான புள்ளிகளைப் பெற்றுத்தான் அவர்கள் விமானம் ஏறினர். அத்தகையவர்களின் தகுதிகாண் கால மதிப்பீட்டில், "தொழில் அறிவு நன்று, தொடர்பாடல் திறன் போதாது" என்று எழுதப்படும்போது குடும்பமே குழம்பிப் போகிறது. ஆங்கிலம் தெரிந்தவருக்கு எந்தத் தொடர்பாடல் போதவில்லை?

இக்கேள்விக்கான விடை சொற்களில் இல்லை. எதை வெளிப்படையாகச் சொல்வது, எதைப் போர்த்திச் சொல்வது என்ற பங்கீட்டில்தான் அது இருக்கிறது. தமிழர் பணியிடப் பண்பில் உத்தரவு வெளிப்படையானது, மறுப்பு போர்த்தப்பட்டது. அவுஸ்திரேலியப் பணியிடத்தில் உத்தரவு போர்த்தப்பட்டது, மறுப்பு வெளிப்படையானது. இரண்டு பண்பாடுகளிலும் மரியாதை உண்டு. ஆனால் அது வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட்டிருக்கிறது.

முதலில் உத்தரவை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்துக் கந்தோர் ஒன்றில் ஒருவர் தன் சக ஊழியரிடம், "அந்தக் கோப்பை ஒருக்கால் எடுத்துத் தாங்கோ" என்கிறார். இதில் எவ்வித மரியாதைக் குறைவும் இல்லை. "தாங்கோ" என்ற சொல்லின் ஈறே மரியாதையைச் சுமக்கிறது. சென்னையில் "குடுங்க" என்பதும் அவ்வாறே. தமிழின் வினைமுற்று மரியாதையைத் தன்னுள்ளே கொண்டிருப்பதால், தமிழர் வேறு பூச்சு எதனையும் தேட வேண்டியதில்லை. இந்த வாக்கியத்தை அப்படியே ஆங்கிலத்தில் ஏற்றினால் "கிவ் மீ தட் ஃபைல்" என்று வருகிறது. "ங்கோ" என்பது வழியிலேயே உதிர்ந்து விடுகிறது. பேசியவர் மரியாதையாகவே பேசியதாக எண்ணுகிறார். கேட்டவருக்கோ அது படைத் தளபதியின் கட்டளையாக ஒலிக்கிறது. "பிளீஸ்" என்ற சொல்லை முன்னால் ஒட்டினால் போதும் என்று பள்ளியில் கற்பிக்கப்பட்டிருந்தது. உண்மையில், ஏவல் வாக்கியத்தின் முன்னே வரும் "பிளீஸ்" பல வேளைகளில் பொறுமையிழந்தவரின் குரலாகவே அங்கு கேட்கப்படுகிறது.

மரியாதை ஈறு இல்லாத ஆங்கிலம் அந்த வேலையைச் சுற்றுச் சொற்களால் செய்கிறது. "குட் யூ ஜஸ்ட்", "வென் யூ கெட் எ சான்ஸ்", "எனி சான்ஸ் யூ குட்" என்பன அத்தகையவை. மெல்பேர்ணில் ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்தவர்களின் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்த மொழியியலாளர் லிண்டா யேட்ஸ், ஆங்கிலேய வழிவந்த அவுஸ்திரேலியர் தமது ஏவல்களில் இத்தகைய மென்மைச் சொற்களைத் தாராளமாகப் பயன்படுத்துவதையும், சீனப் பின்னணியினர் அவற்றைக் குறைவாகப் பயன்படுத்துவதையும் எடுத்துக்காட்டினார். ஏவுகிறவர் ஆசிரியர், ஏவப்படுகிறவர் மாணவர் என்ற அதிகார வேறுபாடு தெளிவாக இருந்த இடத்திலேயே நிலைமை இதுவென்றால், சக ஊழியர்களுக்கு இடையே சொல்ல வேண்டியதில்லை.

இச்சொற்களைத் தமிழர் வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். "கொஞ்சம் தள்ளி இருங்கோ", "ஒருக்கால் பாருங்கோ" என்னும்போது "கொஞ்சம்" என்பது அளவையோ "ஒருக்கால்" என்பது எண்ணிக்கையையோ குறிக்கவில்லை. ஆங்கிலத்தின் "ஜஸ்ட்" என்பதும் "எ பிட்" என்பதும் செய்கின்ற அதே வேலையையே அவை செய்கின்றன. ஆங்கிலம் பேசும்போது தமிழர் கைவிட்டு விடுவது இந்தக் "கொஞ்சத்தை"த்தான்.

பேசும்போது இத்தவறு நேர்ந்தால் ஒருவர் முரடர் என்று பெயர் எடுப்பார். சிறிது காலத்தில் பழகியவர்கள் புரிந்துகொள்வர். கேட்கும்போது நேரும் தவறே வேலையைப் பறிக்கக் கூடியது. அதனை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் விளக்கலாம்.

கொழும்பில் பல ஆண்டுகள் கணக்காளராகப் பணியாற்றிய ஒருவர் சிட்னியின் பரமட்டாவில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை காலை அவரது முகாமையாளர் மேசையருகே நின்று, "வியாழனுக்கு முன்னர் அந்தக் காலாண்டுக் கணக்கை நீங்கள் ஒருமுறை பார்த்துவைக்க விரும்பக்கூடும்" என்ற பொருளில் "யூ மைட் வொன்ற் டு ஹாவ் எ லுக்" என்கிறார். கணக்காளர் தலையசைத்து, "யெஸ், யெஸ்" என்கிறார்.

இங்கே இரண்டு விபத்துக்கள் ஒரே நொடியில் நிகழ்ந்துவிட்டன. முதலாவது, "விரும்பக்கூடும்" என்ற சொல்லைக் கணக்காளர் விருப்பமாகவே எடுத்துக்கொண்டார். கைவசம் இருந்த வேறு வேலைகள் முடிந்த பின்னர் பார்க்கலாம் என்று எண்ணினார். முகாமையாளர் கொடுத்ததோ முழுமையான உத்தரவு. அவர் வியாழன் என்று நாள் குறித்தார் என்பதே அதற்கான அடையாளம். மென்மையான வாக்கியம் ஒன்றினுள் ஒரு நாளோ நேரமோ வந்தால் அது உத்தரவு. அதே செய்தி இரண்டாம் முறை நினைவூட்டப்பட்டால் அது அவசர உத்தரவு.

இரண்டாவது விபத்து "யெஸ்" என்பதில் நேர்ந்தது. தமிழர் உரையாடலில் "ஓம்", "சரி", "ம்" என்பன, மறுபுறம் பேசுகிறவருக்கு "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று தெரிவிக்கும் ஒலிகள். தொலைபேசியில் ஒருவர் பத்துத் தடவை "ஓம்" சொல்லிவிட்டு, கடைசியில் "அது சரிவராது" என்று முடிப்பதில் தமிழர் எவரும் முரண்பாடு காண்பதில்லை. ஆங்கிலப் பணியிடத்தில் உத்தரவுக்குப் பதிலாக வரும் "யெஸ்" ஓர் ஒப்பந்தம். அது சொல்லப்பட்ட கணத்தில், வியாழன் அன்று கணக்கு தயாராக இருக்கும் என்று முகாமையாளர் தன் மேலதிகாரிக்கு அறிவித்திருக்கக் கூடும்.

புதன்கிழமை கணக்காளர் கோப்பைத் திறக்கிறார். விற்பனைப் பிரிவிலிருந்து வரவேண்டிய விபரங்கள் வந்து சேரவில்லை. அவர் அப்பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். முகாமையாளரிடம் அதனைச் சொல்லவில்லை. தன்னால் முடியவில்லை என்று மேலதிகாரியின் முன் சென்று நிற்பது, தாயகத்துப் பழக்கத்தின்படி, அவரையும் சங்கடத்துக்கு உள்ளாக்கும் செயல். இரவு விழித்திருந்தாவது எப்படியோ முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் இருந்தது. வியாழன் காலை முகாமையாளர் கேட்கும்போது, "கிட்டத்தட்ட முடிந்துவிட்டது" என்ற பதில் வருகிறது. கூட்டம் பத்து மணிக்கு. கணக்கு இல்லை.

கணக்காளர் கடும் உழைப்பாளி. முகாமையாளர் இன வெறுப்புடையவர் அல்லர். எனினும் அன்றைய நாளின் முடிவில் முகாமையாளரின் மனத்தில் பதிந்திருப்பது, "இவர் சொல்வதை நம்ப முடியாது" என்பதே. கணக்காளரின் மனத்தில் பதிந்திருப்பது, "உரிய முறையில் வேலையைச் சொல்லாமல் பின்னர் குற்றம் சொல்கிறார்கள்" என்பது. இரு தரப்பினரும் மற்றவரின் மொழிப் பழக்கத்தை மற்றவரின் குணமாக வாசித்து விடுகின்றனர்.

அவுஸ்திரேலியர் நேரடியாகப் பேசுவார்கள் என்ற கூற்று பொருந்துவது இந்தப் புதன்கிழமைக்குத்தான். கெட்ட செய்தியை முன்கூட்டியே, தயக்கமின்றி, சுருக்கமாகச் சொல்வதே அவர்கள் எதிர்பார்க்கும் வெளிப்படைத்தன்மை. "விற்பனைப் பிரிவின் விபரம் இன்னும் வரவில்லை. வியாழனுக்குள் முழுக் கணக்கு முடியாது. அந்தப் பகுதி இல்லாமல் ஒரு வரைவை வியாழன் தரலாம். முழுவதையும் வெள்ளி மதியம் தரலாம். எது உங்களுக்கு உதவும்?" என்று புதன் காலையில் சொல்லப்பட்டிருந்தால் எவரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள். இதில் மன்னிப்புக் கோரல் கூட இல்லை என்பதைக் கவனிக்கலாம். காரணம் ஒரு வாக்கியம், முடியாது என்பது ஒரு வாக்கியம், மாற்று வழிகள் இரண்டு, முடிவு முகாமையாளருடையது. இப்படிப்பட்ட "முடியாது" அங்கு நம்பகத்தன்மையின் சான்றாகவே கொள்ளப்படுகிறது.

வாக்கியத்தின் நீளத்துக்கும் இங்கே ஒரு பங்கு உண்டு. மெல்பேர்ணின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி 2010இல் மறைந்த மொழியியலாளர் மைக்கல் கிளைன், மெல்பேர்ண் தொழிற்சாலைகளில் பல நாட்டுக் குடியேறிகள் தமக்குள் ஆங்கிலத்தில் உரையாடுவதைப் பதிவு செய்து, 1994இல் ஒரு நூலாக வெளியிட்டார். தென்னாசியர் ஒரு முறை பேசத் தொடங்கினால் நீளமாகப் பேசுவதையும், அலுவலகக் கடிதம் போன்ற சொற்களைக் கையாள்வதையும் அவர் அவதானித்தார். தென்கிழக்காசியர் மிகச் சுருக்கமாகப் பேசினர். தமிழருக்கு இது புதிய செய்தி அன்று. ஒன்றைக் கேட்பதற்கு முன்னர் பின்னணியை விளக்குவது தமிழர் பண்பாட்டில் கேட்பவருக்குச் செய்யும் மரியாதை. அவுஸ்திரேலியர் காரணத்தைக் கேட்டுக்கொண்டே முடிவைத் தேடுகின்றனர். மூன்றாவது நிமிடத்தில் முடிவு வரும்போது அவர்களது கவனம் போய்விட்டிருக்கிறது. மின்னஞ்சலில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். முதல் வரியில் கேள்வியும் அதன் கீழே காரணமும் இருக்கவேண்டிய மடலில், மதிப்பிற்குரிய ஐயாவும் பணிவான வேண்டுகோளும் நான்கு பின்னணிப் பந்திகளும் முன்னே நிற்கின்றன.

குறை சொல்லப்படும்போதும் போர்வை உண்டு. "ஐ ஆம் எ பிட் கன்சேர்ண்ட்" என்பது "எனக்குச் சற்றுக் கவலை" என்று மொழிபெயர்க்கப்பட்டால் அது சிறிய விடயமாகத் தோன்றும். தகுதிகாண் மதிப்பீட்டில் அது வரும்போது சிறிய விடயமாக இருப்பதில்லை. மறுபுறத்தில் "நொட் பாட்" என்பது பாராட்டு. தமிழர் பலர் முதலாவதைக் கேட்டு நிம்மதியடைந்து, இரண்டாவதைக் கேட்டு மனம் வருந்துகின்றனர்.

இனி, தேநீர் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலையில் வாரவிடுமுறை எப்படிப் போனது என்று கேட்பது, வானிலையைப் பற்றிச் சொல்வது, மெல்பேர்ணில் உதைபந்தாட்ட வெற்றியாளரை ஊகிக்கும் அலுவலகப் போட்டி, சிட்னியில் மாநிலங்களுக்கிடையிலான றக்பி, நவம்பர் மாத முதற் செவ்வாய் நடைபெறும் மெல்பேர்ண் கிண்ணக் குதிரைப் பந்தயச் சீட்டு என்பனவெல்லாம் வெற்றுப் பேச்சு என்று தமிழர் பலர் ஒதுங்கி விடுகின்றனர். வேலை நேரத்தில் வேலை செய்வதே ஒழுக்கம் என்று வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். அந்த ஒழுக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அந்தப் பேச்சு செய்யும் பணியை அறியாமல் ஒதுங்குவது வேறு.

"ஹவ் ஆர் யூ கோயிங்" என்று கேட்பவர் உடல்நலத்தை விசாரிக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் எதிர்ப்படுபவர் "எங்கை, வெளிக்கிட்டாச்சோ?" என்று கேட்டால், போகுமிடத்தின் விபரத்தை எவரும் ஒப்புவிப்பதில்லை. "ஓம், உதிலை ஒருக்கால்" என்பதே போதுமான பதில். கண்டேன், மதிக்கிறேன், பகையில்லை என்பதே இரு இடத்திலும் உள்ள செய்தி. பொருளுக்காக அன்றி உறவுக்காகவே பேசப்படும் இத்தகைய பேச்சுக்கு 1923இல் பெயரிட்டவர் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி. அவர் அதனை அறிந்தது பப்புவாவின் துரோபிரியாண்ட் தீவுகளில். அக்காலத்தில் அவர் இடையிடையே வாழ்ந்ததும் திருமணம் செய்ததும் மெல்பேர்ணில் என்பது ஒரு சுவையான தற்செயல்.

இந்தப் பேச்சுக்கு ஓர் அளவு உண்டு. ஒன்றிரண்டு வாக்கியத்தில் பதில், உடனே அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டல், பின்னர் வேலை. "நல்லது" என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பது கதவைச் சாத்துவது போன்றது. வீட்டுக் கடன் கதை முழுவதையும் சொல்வது கதவை அடைத்துக்கொண்டு நிற்பது போன்றது. "பிள்ளையின் நீச்சல் வகுப்பு, பிறகு மழை, உங்களுக்கு?" என்பது போதும். உதைபந்தாட்டம் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லலாம். விதிகளை விளக்கும்படி கேட்டால் அவுஸ்திரேலியர் பெரும்பாலும் மகிழ்ச்சியுடன் விளக்குவர். மது அருந்தாதவர் எலுமிச்சைப் பானத்துடன் வெள்ளி மாலையில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வரலாம். எவ்வளவு சம்பளம், ஏன் இன்னும் திருமணம் இல்லை, ஏன் பிள்ளை இல்லை என்பவை தமிழரிடையே அக்கறையின் கேள்விகள். அங்கு அவை அத்துமீறல்கள்.

நியூசிலாந்தின் வெலிங்டனில் பல அலுவலகங்களின் உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்த ஜனற் ஹோம்ஸ், இப்பேச்சு கூட்டங்களின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒட்டிக்கொண்டிருப்பதையும், அதனை எப்போது நிறுத்தி வேலைக்குத் திரும்புவது என்பதைப் பெரும்பாலும் மேலதிகாரியே தீர்மானிப்பதையும் காட்டினார். புதியவருக்கு இது பயனுள்ள அவதானிப்பு. மேலதிகாரி பேசிக்கொண்டிருக்கும்வரை அது நேர விரயம் அன்று. அவர் "எனிவே" அல்லது "றைட்" என்றால் அது முடிந்துவிட்டது.

வேலையோடு இதற்குள்ள தொடர்பு, முன்னர் கூறிய புதன்கிழமையில் வெளிப்படுகிறது. முகாமையாளரிடம் அதுவரை வேலையைத் தவிர ஒரு சொல்லும் பேசியிராத ஒருவருக்கு, அவரிடம் செல்லும் முதற் காரணம் "முடியாது" என்பதாக இருந்தால், அது மலையளவு தோன்றும். தேநீர் அறையில் இருபது முறை மழையைப் பற்றிப் பேசியவருக்கு அந்தத் தூரம் குறைவு. மறுப்பைச் சொல்வதற்கான வழியை அந்த வெற்றுப் பேச்சே முன்கூட்டி வெட்டி வைக்கிறது.

கேலியைப் பற்றியும் ஒரு சொல். அவுஸ்திரேலியர் தமக்குள் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வது சேர்த்துக்கொண்டதன் அடையாளமாகவே பெரிதும் கொள்ளப்படுகிறது. ஒருவர் செய்ததைப் பற்றிய சீண்டலுக்குத் திருப்பிச் சீண்டலாம். அவரது நிறம், உச்சரிப்பு, சமயம் பற்றியதானால் அது வேறு. அதனைச் சிரித்துச் சகிக்க வேண்டிய கடமை எந்தக் குடியேறிக்கும் இல்லை.

இதுவரை கூறப்பட்டவை அனைத்தும் குடியேறியே மாற வேண்டும் என்பது போலத் தோன்றலாம். அது நியாயமன்று. 1970களில் பிரித்தானியாவின் பெரும் விமான நிலையமொன்றின் ஊழியர் உணவகத்தில் நிகழ்ந்ததை மொழியியலாளர் ஜோன் கம்பர்ஸ் பதிவு செய்திருக்கிறார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் மரியாதையற்றவர்கள் என்று மேற்பார்வையாளரும், அங்கு உண்ண வந்த சரக்குத் தொழிலாளரும் முறையிட்டனர். அப்பெண்களோ தமக்குப் பாகுபாடு காட்டப்படுவதாக உணர்ந்தனர். பதிவுகளைக் கேட்டபோது வேறுபாடு ஒரே சொல்லில் அகப்பட்டது. இறைச்சி வாங்குபவரிடம் குழம்பு வேண்டுமா என்று கேட்பதற்கு ஆங்கிலேயப் பெண்கள் "கிரேவி" என்ற சொல்லைக் குரல் உயர்த்தி முடித்தனர். தென்னாசியப் பெண்கள் அதே சொல்லைக் குரல் தாழ்த்தி முடித்தனர். கேட்டவர்களுக்கு அது கேள்வியாக அல்ல, "இது குழம்பு, வேண்டுமானால் எடு" என்பதாகப் பட்டது. அவர்கள் தமிழ்ப் பெண்கள் அல்லர். ஆயினும் ஆகார, ஓகார ஈறுகளால் கேள்வி கேட்டுப் பழகிய தமிழர் எவரும் இதில் தம்மைக் காணலாம்.

இந்நிகழ்வில் கவனிக்க வேண்டியது, பதிவு இரு தரப்பினருடனும் சேர்ந்து ஆராயப்பட்டது என்பதாகும். பெண்கள் குரல் ஏற்றத்தை அறிந்தனர். மேற்பார்வையாளர்கள், அப்பெண்கள் வழமையாகக் கேள்வி கேட்கும் முறையே அதுதான் என்பதை அறிந்தனர். அவுஸ்திரேலிய நிறுவனங்களிடம் தமிழ் அமைப்புக்கள் கோர வேண்டியதும் இத்தகைய இருவழிப் பயிற்சியையே. "இதனை வியாழனுக்குள் முடிக்க வேண்டும், இடையில் தடங்கல் வந்தால் அன்றே சொல்லுங்கள்" என்று ஒரு முகாமையாளர் தெளிவாகச் சொல்வதற்குச் செலவு ஏதும் இல்லை.

எல்லாவற்றையும் தொடர்பாடலின் தலையில் கட்டிவிடவும் கூடாது. 2007ஆம் ஆண்டு அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிட்னி, மெல்பேர்ண், பிறிஸ்பேன் நகர்களில் 4,000க்கும் அதிகமான கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தனர். தகுதிகள் ஒத்தவை, பெயர்கள் மட்டும் வேறு. ஆங்கிலேயப் பெயர் கொண்டவர் பெறும் அதே எண்ணிக்கையான நேர்முக அழைப்பைப் பெறுவதற்குச் சீனப் பெயர் கொண்டவர் 68 வீதமும், மத்திய கிழக்குப் பெயர் கொண்டவர் 64 வீதமும் கூடுதலாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தமிழ்ப் பெயர்கள் அவ்வாய்வில் இடம்பெறவில்லை. ஒரு சொல்லும் பேசப்படுவதற்கு முன்னரே மூடப்படும் கதவை, பேச்சுப் பயிற்சி திறக்கப் போவதில்லை. ஆகவே ஒரு மதிப்பீட்டில் "தொடர்பாடல் போதாது" என்று வந்தால், எந்த நாளில், எந்த வேலையில், என்ன சொல்லப்பட்டது என்று எடுத்துக்காட்டைக் கேட்பதே முதற் படி. எடுத்துக்காட்டு கிடைத்தால் அது திருத்தக் கூடியது. மீண்டும் மீண்டும் கேட்டும் கிடைக்காவிட்டால் வேறு காரணத்தைச் சந்தேகிக்க இடமுண்டு.

பெற்றோர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே இது வேறொரு வடிவம் எடுக்கிறது. இங்கு வளர்ந்த பிள்ளைக்கு வங்கி ஊழியரிடம் தந்தை தொலைபேசியில் பேசும் ஆங்கிலம் முரட்டுத்தனமாகக் கேட்கிறது. அது வெட்கத்தையும் தருகிறது. தந்தைக்கோ, கேட்டதும் "நோ, ஐ காண்ட் டுடே" என்று சொல்லும் பிள்ளை அடங்காத பிள்ளையாகத் தெரிகிறது. தந்தை "ங்கோ"வை ஆங்கிலத்தில் வைக்க இடமின்றித் தவிக்கிறார் என்பதைப் பிள்ளை அறிய வேண்டும். பிள்ளையின் "நோ", பள்ளியும் பகுதிநேர வேலையும் நேர்மையென்று கற்பித்த "நோ" என்பதைத் தந்தை அறிய வேண்டும். பல பணியிடங்களில் பெற்றோர் தேடித் திரியும் அறிவு அவர்களது சாப்பாட்டு மேசையிலேயே அமர்ந்திருக்கிறது. முகாமையாளருக்கு அனுப்பவிருக்கும் மடலைப் பதினாறு வயது மகளிடம் காட்டி, "இது எப்படிக் கேட்கிறது?" என்று வினவுவதில் தாழ்வு ஏதும் இல்லை.

"முடியாது" என்று சொல்லத் தயங்குவதற்குப் பண்பாடு மட்டுமே காரணம் என்று எண்ணுவதும் தவறு. நிறுவனத்தின் அனுசரணை விசாவில் இருப்பவர், வேலை போனால் நாட்டை விட்டே போக நேரும் என்ற அச்சத்தில் இருக்கிறார். 2024 யூலை 1க்கு முன்னர் அத்தகையவருக்குப் புதிய அனுசரணையாளரைத் தேட 60 நாட்கள் மட்டுமே இருந்தன. அன்றிலிருந்து ஒரு தடவையில் 180 நாட்கள் வரை வழங்கப்படுகின்றது. இந்த மாற்றம் இன்னும் பல குடும்பங்களின் காதுக்கு எட்டவில்லை. பழைய கணக்கிலேயே அஞ்சி வாழ்கின்றனர்.

தகுதிகாண் காலம் பற்றியும் தெளிவு வேண்டும். 2009ஆம் ஆண்டின் நியாய வேலைச் சட்டத்தின் கீழ், நியாயமற்ற பணிநீக்கம் என்று முறையிடுவதற்கு ஒருவர் ஆறு மாதங்கள் வேலை செய்திருக்க வேண்டும். 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு நிறுவனமாயின் ஒரு வருடம். ஆகவே முதல் ஆறு மாதங்களில் நேரும் "ஓம்" விபத்துக்களே மிக ஆபத்தானவை. ஆனால் இனம், நிறம், சமயம் காரணமாக நீக்கப்பட்டதாகக் கருதுவோருக்கு அந்த ஆறு மாத நிபந்தனை கிடையாது. சட்டத்தின் பொதுப் பாதுகாப்பு முதல் நாளிலிருந்தே உண்டு. இவ்விரு முறைப்பாடுகளுக்கும் காலக்கெடு ஒன்றே: பணிநீக்கம் நடைமுறைக்கு வந்து 21 நாட்களுக்குள் நியாய வேலை ஆணையத்திடம் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். எந்த நாளில் யார் என்ன வேலையைச் சொன்னார், என்ன பதில் சொல்லப்பட்டது என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பவருக்கே அந்த 21 நாட்கள் போதுமானவையாக இருக்கும்.